பாடச் சொன்னது ராகிங்கா?

"ராத்திரி ஹாஸ்டல் ரூமில் ஜூனியர்களைப் பாடச் சொன்னோம், எல்லாரும் சிரித்தார்கள். ஒரு பையன் மட்டும் மறுநாளிலிருந்து மெஸ்ஸுக்கே வருவதில்லை. இது ராகிங்கா?"

ஆமாம், அவனுக்கு அது ராகிங்தான். சிரிப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள் தம்பி, பயத்திலும் சிரிப்பு வரும். அவன் "வேண்டாம் அண்ணா" என்று சொல்லியிருந்தால் அப்படியே விட்டிருப்பீர்களா? மூடிய அறை, சுற்றி ஆறேழு சீனியர்கள் என்றால் அவனால் சொல்லியே இருக்க முடியாது. தமிழ்நாட்டின் 1997 ராகிங் தடைச் சட்டம், ஒரு மாணவர் சாதாரணமாக விரும்பிச் செய்யாததைச் செய்யச் சொல்வதையும் ராகிங் என்றே சொல்கிறது. இரண்டு வருடம் வரை சிறை உண்டு.

நானும் சீனியராக இருந்தபோது ஒருவனை ஆடச் சொன்னேன். ஆடினான், ஆனால் கை நடுங்கியது, பார்வை கதவின் மேலேயே இருந்தது. அதைப் பார்த்தும் நிறுத்தவில்லையே என்று இன்றும் உறுத்துகிறது. குரல் தாழ்வது, எல்லாவற்றுக்கும் "சரிங்கண்ணா" மட்டும் வருவது, அப்புறம் உங்களைக் கண்டால் வேறு வழியில் போவது, இவையெல்லாம் அடையாளங்கள்.

நாளைப் பகலில் நீங்கள் ஒருவர் மட்டும் போய், மன்னிப்புக் கேட்டு, சாப்பிடக் கூப்பிடுங்கள். வர மறுத்தால் வற்புறுத்தாமல் அன்றே வார்டனிடம் நடந்ததை நீங்களே சொல்லிவிடுங்கள்.