நவம்பரில் எழுதிய அந்த ஒரு பேப்பர்

அக்கா, நான் பி.காம். படித்து முடித்து ஒன்றரை வருஷம் ஆகிறது. கையில் புரொவிஷனல் மட்டும்தான் இருக்கிறது. ஷார்ஜாவில் மாமா ஒரு வேலை பார்த்து வைத்திருக்கிறார், அட்டெஸ்டேஷன் முடித்த ஒரிஜினல் டிகிரி வேண்டும் என்கிறார்கள். கூடப் படித்தவர்கள் எல்லாம் வாங்கிவிட்டார்கள். நான் ஒரு பேப்பரை மட்டும் நவம்பரில் எழுதித்தான் பாஸ் பண்ணினேன், அது வீட்டில் தெரியாது. யூனிவர்சிட்டி லேட் பண்ணுகிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அம்மா பீடி சுற்றுகிறார். அப்பா ஏஜெண்டுக்குப் பணம் புரட்டிக்கொண்டிருக்கிறார். புரொவிஷனலை வைத்தே சமாளிக்க முடியுமா? இல்லை கான்வகேஷன் வரை காத்திருக்கணுமா, எவ்வளவு நாள்?
— ஆலங்குளம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர்

தம்பி, "அது வீட்டில் தெரியாது" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, உன் பட்டம் வராததற்கான காரணம் அதற்குள்தான் இருக்கிறது. கூட்டாளிகள் ஏப்ரல் தேர்வில் தேறினார்கள், அவர்கள் பெயர் அந்தத் தேர்வுக்கான பட்டியலில் ஏறியது, பட்டம் வந்தது. நீ தேறியது நவம்பர் தேர்வில். அதற்கு ரிசல்ட் வந்ததே அடுத்த வருஷம்தானே? அப்படியானால் உன் பெயர் அதற்குப் பிந்தைய பட்டியலில்தான் ஏற முடியும். இதில் யூனிவர்சிட்டி என்ன லேட் பண்ணியது? செய்யாத குற்றத்தை அதன் தலையில் போட்டு, அதையே அப்பாவையும் நம்ப வைத்திருக்கிறாய்.

இன்னொன்றையும் கேட்கிறேன். பட்டத்துக்கு விண்ணப்பம் போட்டாயா? கடிதத்தில் அதைப்பற்றி ஒரு சொல்கூட இல்லை. ரிசல்ட் வந்தால் பட்டம் தானாக வீட்டுக்கு வந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் நிறைய. பல பல்கலைக்கழகங்களில் பட்டத்துக்கென்று தனி விண்ணப்பமும் கட்டணமும் உண்டு. சில இடங்களில் கடைசி செமஸ்டர் கட்டணத்தோடு கல்லூரியே மொத்தமாக வாங்கிக் கட்டிவிடும், அப்படிக் கட்டும்போது அரியர் வைத்தவன் பெயர் விடுபட்டுப் போகும். பிறகு தேறினாலும் அவனாகப் போய்க் கேட்டால்தான் அந்தப் பெயர் மறுபடி ஏறும். நீ போய்க் கேட்டிருக்க மாட்டாய், கேட்டால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் உனக்கு.

சரி, புரொவிஷனலுக்கு வருகிறேன். அது மட்டமான காகிதம் இல்லை. இவர் இந்தப் படிப்பில், இந்த மாதம் இந்த வருஷம் தேறிவிட்டார், பட்டம் பெறத் தகுதியானவர் என்று பல்கலைக்கழகமே எழுதித் தருவது. எம்.காம்., பி.எட். சேர்வதற்கு அது போதும். டி.என்.பி.எஸ்.சி. சான்றிதழ் சரிபார்ப்பிலும் ஏற்றுக்கொள்கிறார்கள், வங்கித் தேர்வுகளிலும் அப்படித்தான். ஆனால் அங்கேயெல்லாம் முதலில் பார்ப்பது தேறிய தேதியை. உன் விஷயத்தையே எடுத்துக்கொள். டிசம்பரில் ஒரு அறிவிப்பு வருகிறது, அறிவிப்புத் தேதிக்கு முன்னால் தேறியிருக்கவேண்டும் என்று அதில் இருக்கிறது. கூட்டாளிகள் போடுகிறார்களே என்று நீயும் ஏப்ரலில் தேறியதாக நிரப்பிவிட்டாய். எழுத்துத் தேர்வில் ஜெயித்து, சரிபார்ப்புக்குப் போய் உட்கார்ந்தால் புரொவிஷனலில் நவம்பர் என்று இருக்கும், ரிசல்ட் தேதியோ ஜனவரியாக இருக்கும். அங்கேயே வெளியே அனுப்பிவிடுவார்கள். வீட்டில் சொன்ன பொய்யை விண்ணப்பத்திலும் எழுதத் தோன்றும், அதனால்தான் சொல்கிறேன்.

வெளிநாட்டு வேலைக்கு வந்தால் கதை வேறு. ஷார்ஜாவில் கேட்பது அசல் பட்டம். அதில் முதலில் சென்னையில் மாநில அரசின் முத்திரை, பிறகு மத்திய வெளியுறவு அமைச்சகம், பிறகு அமீரகத் தூதரகம், கடைசியாக அங்கே அவர்கள் வெளியுறவு அமைச்சகம் என்று ஒவ்வொன்றாக ஏறவேண்டும். முதல் முத்திரைக்கு முன்பே சான்று நிஜமானதுதானா என்று பல்கலைக்கழகத்திடம் சரிபார்ப்பது உண்டு. புரொவிஷனல் பட்டம் வருகிறவரைக்கும் என்று கொடுத்த காகிதம், அது இந்த வரிசைக்கு ஆகாது. "டிகிரி இல்லாமலே முடித்துத் தருகிறேன், நானே எடுத்துத் தருகிறேன்" என்று ஏஜெண்ட் சொன்னால் அவன் பக்கமே போகாதே. போலிச் சான்றோடு பிடிபட்டால் வழக்கு உன் பெயரில்தான் வரும்.

எத்தனை நாள் என்று கேட்டாயே. மாணவர்கள் தகுதி பெறவேண்டிய தேதியிலிருந்து 180 நாளுக்குள் பட்டம் வழங்கவேண்டும் என்று யு.ஜி.சி. 2008-ல் கொண்டுவந்த விதிமுறையிலேயே இருக்கிறது. நடைமுறையில் விழா அதற்கும் மேலே தள்ளிப்போவது உண்டு. உன் ரிசல்ட்டிலிருந்து எண்ணினால் அந்த ஆறு மாதம் கடந்துவிட்டது, எனவே கேட்க உனக்கு உரிமை இருக்கிறது, ஆனால் விண்ணப்பம் போட்டிருந்தால்தான் அந்த உரிமை பேசும். விழா மேடையில் ஏறி வாங்கவேண்டும் என்ற ஆசை இருந்தால் அதை விடு. மேடையில் பெரும்பாலும் ரேங்க் வாங்கியவர்களும் பிஎச்.டி.க்காரர்களும்தான், மற்றவர்களுக்கு விழாவுக்குப் போகாமலே, இன் அப்சென்ஷியாவாகக் கல்லூரிக்கு வரும் அல்லது தபாலில் வரும்.

நாளைக்கே கல்லூரி அலுவலகத்துக்குப் போ. எல்லா செமஸ்டர் மார்க் ஷீட், அந்த நவம்பர் மார்க் ஷீட் முக்கியம், புரொவிஷனல், பத்தாம் வகுப்புச் சான்று, எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துக்கொள். என் பெயர் எந்தக் கான்வகேஷன் பட்டியலில் இருக்கிறது, கட்டணம் கட்டப்பட்டிருக்கிறதா என்று கேள். இல்லை என்றால் விண்ணப்பத்தைப் போட்டு, இன் அப்சென்ஷியா என்று குறித்து, பணம் கட்டிய ரசீதைப் பத்திரமாக வை. கல்லூரியில் சரியாகப் பதில் வராவிட்டால், உன் கல்லூரி மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது என்றால் உனக்குத் தூரமில்லை, அபிஷேகப்பட்டி தென்காசி ரோட்டில்தானே இருக்கிறது, திருநெல்வேலி பஸ் ஏறி இறங்கி தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அலுவலகத்தில் பதிவெண்ணைச் சொல்லி நேரிலேயே கேள். விழாவுக்கு முன்னால் அவசரத் தேவைக்குத் தனிக் கட்டணத்தில் பட்டம் தரும் வழி சில பல்கலைக்கழகங்களில் உண்டு, இங்கே உண்டா என்றும் அங்கேயே கேட்டுவிடு, மாமா அனுப்பிய வேலைக் கடிதம் இருந்தால் அதையும் காட்டு. பெயர் எழுத்து, இனிஷியல் இரண்டும் பாஸ்போர்ட்டில் இருக்கிறமாதிரியே இருக்கிறதா என்று விண்ணப்பத்திலேயே பார், பட்டம் அச்சாகி வந்தபிறகு திருத்த ரொம்ப அலையவேண்டும்.

கல்லூரிக்குப் போவதற்கு முன்னால், இன்றைக்கு ராத்திரி அப்பாவிடம் சொல். இதை நீ தள்ளிப்போடக் கூடாது. ஒரு பேப்பர் போனது பெரிய குற்றமில்லை, அதை மறுபடி எழுதித் தேறியிருக்கிறாய். ஆனால் அம்மா முதுகு வலிக்க இலை வெட்டிப் பீடி சுற்றிக் கொண்டுவருகிற காசு, கூட வட்டிக்கு வாங்கப் போகிற காசு, இரண்டும் சேர்ந்து ஏஜெண்ட் கைக்குப் போகப் போகிறது, அந்த ஆளால் செய்ய முடிகிற முதல் வேலைக்கு வேண்டிய காகிதமே இன்னும் கிடையாது. இது தெரிந்தும் நீ வாயைத் திறக்காமல் இருப்பது எனக்குக் கோபம் வரவைக்கிறது. பெற்றவர்கள் நம்பி ஒரு ரூபாயை நீட்டும்போது அது எதற்குப் போகிறது என்று அவர்களுக்குத் தெரியவேண்டும், பிள்ளை செய்யவேண்டிய முதல் கடமை அது. அப்பா இரண்டு வசவு திட்டுவார், திட்டட்டும். பணத்தைக் கொடுக்காதீர்கள், அசல் கைக்கு வந்தபிறகு கொடுப்போம் என்று சொல். மாமாவுக்கும் அதே ராத்திரியே போன் போட்டு, அந்தக் கம்பெனி சேரும் தேதியைத் தள்ளித்தருமா, புரொவிஷனலை இப்போதைக்கு வைத்துக்கொண்டு பட்டத்தைப் பிறகு வாங்குமா என்று கேட்கச் சொல். தரமாட்டோம் என்றால் அந்த வேலை உனக்கு இல்லை, அடுத்தது பார்.

பட்டம் கைக்கு வந்ததும் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் கொடுத்து லேமினேஷன் போட்டுவிடாதே. முத்திரைகள் சான்றின் பின்பக்கத்தில்தான் விழும், பிளாஸ்டிக் மேல் விழாது. பிளாஸ்டிக் உறையில் போட்டு வை, புரொவிஷனலையும் கூடவே வை.