போனில் காணாமல் போகும் கோரஸ்: கேள்வி பதில்

தேவகோட்டை: பழனிப் பாதயாத்திரைக்கு ஒரு காவடிப் பாட்டு மிக்ஸ் செய்தேன். "அரோகரா" கோரஸ் ஒரே டேக்தான். அதை இடது ஓரத்தில் வைத்து, ஒரு காப்பி எடுத்து வலது ஓரத்தில் போட்டு, காப்பியின் ஃபேஸைத் திருப்பினேன், ஹெட்போனில் பிரமாதம். அண்ணன் போனில் கோரஸே இல்லை. வாட்ஸ்அப் கெடுத்துவிட்டதா?

வாட்ஸ்அப் மேல் பழி போடாதீர்கள் தம்பி. ஒற்றை ஸ்பீக்கர் போன் இடதையும் வலதையும் கூட்டித்தான் ஒலிக்கும். இடதில் அலை மேலே போகும்போது வலதில் கீழே போகிறது, கூட்டினால் பூஜ்யம். அனுப்பும் முன் வீட்டிலேயே கேட்டிருக்கலாம்:

```
ffmpeg -i mix.wav -ac 1 mono.wav
```

கானாடுகாத்தான்: அப்போ ஃபேஸைத் திருப்பாமல், காப்பியை 10 மில்லிசெகண்ட் தள்ளி வைத்தால் போதுமே?

பாதி சரி. முழுசாக அழியாது, ஆனால் 50, 150, 250 ஹெர்ட்ஸ் என்று ஒவ்வொரு 100-க்கும் ஒரு பள்ளம் விழும். குரல் குழாய்க்குள்ளிருந்து வருவது போல் ஆகிவிடும். பாடியவர்களை இன்னொரு முறை பாட வைத்து, இரண்டு டேக்கையும் ஆளுக்கொரு ஓரம் போடுவதுதான் என் வழி. இரண்டு முறையும் யாரும் அச்சு அசலாக ஒரே மாதிரி பாடுவதில்லை, அதனால் கூட்டினாலும் குரல் நிற்கும். பாடியவர்கள் ஊருக்குப் போய்விட்டார்களா? சரி, அசலை நடுவில் வைத்து, தள்ளிய காப்பியை 10 டெசிபல் குறையுங்கள். பள்ளம் ஏறக்குறைய 3 டெசிபலோடு நின்றுவிடும். அகலம் குறையத்தான் செய்யும்.

காரைக்குடி: இதெல்லாம் பழைய போன் கதை சார். இப்போது எல்லாவற்றிலும் இரண்டு ஸ்பீக்கர். என் கோரிலேஷன் மீட்டரும் பிளஸ்ஸில்தான் நிற்கிறது.

இரண்டாவது ஸ்பீக்கர் பெரும்பாலும் காதில் வைத்துப் பேசும் அந்தச் சின்னத் துளைதான். அதில் அடிக்குரல் எடுபடாது. போதாததற்கு, யாத்திரையில் பலர் தோளில் தொங்குவது ஒற்றை ஸ்பீக்கர் புளூடூத் பெட்டி. மீட்டர் பொய் சொல்லவில்லை. நடுவில் இருக்கும் பெரிய குரல்தான் முள்ளைப் பிளஸ் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. கோரஸை மட்டும் சோலோ செய்து பாருங்கள், மைனஸுக்கு விழுந்தால் அங்கேதான் கோளாறு.

பள்ளத்தூர்: எங்கள் கல்யாண ரெக்கார்டிங்கில் தவிலை முழுக்க வலதில் தள்ளினேன். போனில் தொப்பி கேட்கவில்லை. மோனோ தின்றுவிட்டது, இல்லையா?

இல்லைங்க, இது வேறு சங்கதி. வெறும் பானிங் எதையும் அழிக்காது. பான் விதி 3 டெசிபல் என்றால், மோனோவில் ஓரத்தில் இருப்பது நடுவில் இருப்பதைவிட 3 டெசிபல் இறங்கும், அவ்வளவுதான். தொப்பியின் அடி ஒலியைப் போன் ஸ்பீக்கரால் தரவே முடியாது. குச்சி படும் அந்த 'டக்'கை ஈக்யூவில் கொஞ்சம் தூக்குங்கள். வலந்தலைக்கும் தொப்பிக்கும் தனித்தனி மைக் என்றால், மோனோவில் கேட்டுக்கொண்டே ஒன்றின் ஃபேஸைத் திருப்பிப் பாருங்கள், எதில் கனம் கூடுகிறதோ அதை வையுங்கள்.

பள்ளத்தூர்: அப்படியானால் தவிலை நடுவிலேயே வைத்துவிடவா?

நாகஸ்வரமும் நடுவில் இருந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். நான் பாதி தூரம் வலதில் வைப்பேன், என்னோடு வேலை செய்பவர் ஒத்துக்கொள்ள மாட்டார். அந்தச் சண்டை இன்னும் ஓடுகிறது.