பகலில் துணி தெரியாத கடை: கேள்வி பதில்

கடை மேற்குப் பார்த்தது. இரண்டு மீட்டர் அகலக் கண்ணாடி, உள்ளே ஏழு பொம்மை. காலை முழுக்க ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இருட்டிய பிறகு நின்று பார்க்கிறார்கள். துணி அதேதானே?

துணியில் குறையில்லை. காலையில் சாலைக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று உங்கள் கடையைப் பாருங்கள். எதிர்க் கட்டிடம்தான் தெரியும். காலை வெயில் அந்தச் சுவரில் நேராக விழுகிறது, அந்தச் சுவர் உங்கள் கண்ணாடியில் விழுகிறது. மேற்குப் பார்த்த கடைக்கு மாலை வெயிலைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள். பிரதிபலிப்பைப் பொறுத்தவரை காலைதான் மோசம்.

சாதாரணக் கண்ணாடி நேர் எதிரே நிற்பவருக்குச் சுமார் 8 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். ஆனால் நடந்து போகிறவர் நேர் எதிரே நிற்பதில்லை, பக்கவாட்டில் சாய்வாகப் பார்த்துக்கொண்டே வருகிறார். சாய்வு கூடக் கூட அந்த அளவு இரண்டு மடங்கு, அதற்கும் மேல் என்று ஏறும். உள்ளே கருப்பாக எது இருந்தாலும் அந்த இடத்தில் தெரு நன்றாகத் தெரியும். நீங்கள் சொல்லவில்லை, ஆனாலும் கேட்கிறேன்: பின்னால் கருப்புத் திரையா? பொம்மைகளுக்கு அடர் நிற உடையா?

ஆமாம், கருப்புத் திரைதான். நீலமும் கருப்புமாக உடைகள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

இரவில் அது அழகாக இருக்கும், அதனால் பலர் அப்படி வைக்கிறார்கள். கடையை மூடிவிட்டு ராத்திரி உட்கார்ந்து அலங்கரிப்பதுதான் காரணம். தயவுசெய்து காலையில் அலங்கரியுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது இது. ஏழு பொம்மையில் நான்கை எடுத்துவிடுங்கள், இரண்டு மீட்டருக்கு மூன்று போதும். கருப்புத் திரையைக் கழற்றி வெளிர் நிறத் திரை போடுங்கள், தும்பைப்பூ வெள்ளை வேண்டாம், மணல் நிறம் போதும். பொம்மைகளைக் கண்ணாடியிலிருந்து ஒன்று, ஒன்றரை அடிக்குள் முன்னால் கொண்டுவாருங்கள். அப்போது வெளி வெளிச்சமே துணி மேல் விழும். பகலில் உங்களுக்குக் கிடைக்கும் பெரிய விளக்கு அதுதான். மூன்றில் நடுப் பொம்மைக்கு வெளிர் மஞ்சளோ வெள்ளையோ போடுங்கள், அடர் நிறம் ஓரத்துப் பொம்மைகளுக்கு இருக்கட்டும்.

அப்புறம் பொம்மையின் முகம். தெருவை நேராகப் பார்க்கும்படி நிறுத்தாதீர்கள். அதிகம் பேர் எந்தப் பக்கமிருந்து வருகிறார்களோ, அந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பி வையுங்கள். வருகிறவர் உடையின் முன்பக்கத்தைப் பத்தடி தூரத்திலேயே பார்த்துவிடுவார். கண்ணாடிக்கு நேராக வந்த பிறகுதான் தெரியும் என்றால், அதற்குள் இரண்டு எட்டில் கடந்துவிடுவார்.

இவ்வளவு எதற்கு? விளக்கு வாட்டைக் கூட்டினால் போதாதா?

போதாது. வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். கடைக்குள் நல்ல வெளிச்சம் என்பது 500 லக்ஸ், மிஞ்சினால் 1,000. வெளியே நேர் வெயிலில் 1,00,000 வரை போகும். வாட்டைக் கூட்டிச் சூரியனை ஜெயிக்க முடியாது. கரண்ட் பில்லும் சூடும்தான் கூடும்.

நான் விளக்கு வேலை செய்பவன். நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்ள மாட்டேன். குறுகிய ஒளிக்கற்றை ஸ்பாட்லைட் இரண்டு போட்டதும் பகலிலேயே துணி எடுப்பாகத் தெரிந்த கடைகளை நானே செய்து கொடுத்திருக்கிறேன்.

பாதி சரி. குறுகிய கற்றையை ஒரு மீட்டர் தூரத்திலிருந்து ஒரே இடத்தில் குவித்தால் பல ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். எதிரே மரமோ உயரமான கட்டிடமோ நிழல் தரும் சந்தில் அது வேலை செய்யும். நீங்கள் செய்த கடைகள் நிழலில் இருந்தனவா?

இரண்டு நிழல். ஒன்று வெயில்தான். அதிலும் பொம்மையின் மார்புப் பகுதி நன்றாகத் தெரிந்தது.

மார்பு தெரிந்திருக்கும், மற்றது? வெயிலில் பளிச்சிடும் வெள்ளைச் சுவர் எதிரே இருந்தால் பாவாடையும் கீழ்ப்பகுதியும் தெருவோடு கலந்துவிடும். வெயில் கடையை நான் நேரில் பார்க்கவில்லை, அதனால் அதில் உங்கள் பேச்சை மறுக்க மாட்டேன். ஆனால் ஒன்றில் நாம் ஒத்துப்போவோம் என்று நினைக்கிறேன்: விளக்கு கண்ணாடிப் பக்கத்துக் கூரையிலிருந்து பொம்மையை நோக்கி அடிக்க வேண்டும். பல கடைகளில் அது பொம்மையின் பின்னந்தலைக்கு மேல் இருக்கிறது. பார்க்கிறவர் கண் கூசும், துணி நிழலாகிவிடும்.

அதில் மாற்றுக் கருத்தில்லை. வாட்டை விட திசை முக்கியம். ஆனால் முதலில் விளக்கு, பிறகு திரை என்றுதான் நான் செய்வேன்.

நான் முதலில் திரை. செலவு குறைந்ததை முதலில் செய்து பார்க்கச் சொல்வேன்.

வெயிலுக்குக் கண்ணாடியில் கூலிங் ஃபிலிம் ஒட்டலாமா?

வேண்டாம். வெள்ளி பூசியது போன்ற ஃபிலிம் ஒட்டினால் கடைக் கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும். கருப்பு ஃபிலிமும் உள்ளே போகும் ஒளியைக் குறைக்கும், தெருவின் பிம்பம் அப்படியே நிற்கும். வெயிலைத் தடுக்க வேண்டுமென்றால் வெளியே, கண்ணாடிக்கு மேலே, துணிக்கூரை நீட்டுங்கள். அது வெயிலையும் மறைக்கும், பளபளக்கும் வானத்தின் பிம்பத்தையும் குறைக்கும். உங்கள் தரையோ எதிர்ச் சுவரோ பளிச்சென்று இருந்தால் மட்டும் முழுப் பலன் வராது.

எங்கள் கண்ணாடி ஆளைக் காட்டவில்லை, ட்ரையல் ரூமில் எல்லோரும் குண்டாகத் தெரிவதாகச் சொல்கிறார்கள்.

நீங்கள் கேட்பது முகம் பார்க்கும் கண்ணாடி. வளைந்து தொங்குகிறதா என்று பாருங்கள், சுவரோடு ஒட்டித் தட்டையாகப் பொருத்துங்கள். ஃபிலிம் எதுவும் ஒட்டாதீர்கள், அங்கேயும்.

எங்கள் ஷோகேஸ் பகலில் தெரியவில்லை. என்ன செய்யலாம்?

முதல் இரண்டு பதிலையும் படியுங்கள்.

எங்கள் ஷோகேஸும் தெரிவதில்லை. கிழக்குப் பார்த்த கடை.

உங்களுக்கு மாலையில்தான் பிம்பம் கூடும். மற்றதெல்லாம் மேலே இருக்கிறது. மாலை நாலு மணிக்கு எதிர்ப்பக்கம் நின்று போட்டோ எடுத்துப் பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள்.

இன்ஸ்டாகிராமில் எப்படி விளம்பரம் செய்வது?

என் வேலை வாசலோடு முடிகிறது. அந்தத் துறையில் இருப்பவரைக் கேளுங்கள்.

நின்று பார்க்கிறார்கள், ஆனால் உள்ளே வருவதில்லை. வாசலில் தள்ளுபடி ஹேங்கர் ஸ்டாண்டும் வைத்திருக்கிறேன்.

அந்த ஸ்டாண்டை உள்ளே தள்ளுங்கள், முதல் சந்தேகம் அதன் மேல்தான். வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்ப்பவருக்குத் தெரிய வேண்டியது, அவர் கண்ணாடியில் பார்த்த அதே உடை. அது வாசலிலிருந்து பார்த்தவுடன் தெரியும் இடத்தில், எல்லா அளவிலும் தொங்க வேண்டும். "அந்த மஞ்சள் சட்டை இருக்கா?" என்று கேட்கத் தயங்குகிறவர்கள் பேசாமல் போய்விடுவார்கள். வாசலுக்கு உள்ளே முதல் நான்கைந்து அடியைக் காலியாக விடுங்கள். வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு உள்ளே பழகக் கொஞ்சம் நேரம் ஆகும், அங்கே வைத்ததைப் பெரும்பாலோர் பார்க்கவே மாட்டார்கள். கடைசிச் சுவரில் வெளிச்சம் விழட்டும், இருட்டாக இருந்தால் கடை மூடியிருக்கிறதோ என்று தோன்றும். கதவருகே ஊழியரை நிறுத்தாதீர்கள்.

எங்கே ஆள் குறைகிறது என்று எண்ணிப் பார்த்தால் தெரியும். ஒரு மணி நேரம் எதிரே உட்கார்ந்து கடந்தவர், திரும்பிப் பார்த்தவர், நின்றவர், நுழைந்தவர் என்று நாலு கோடு போடுங்கள். உதாரணத்துக்கு 200 பேர் கடந்து, 10 பேர் திரும்பிப் பார்த்தால் சிக்கல் கண்ணாடியில். 60 பேர் திரும்பி, 15 பேர் நின்று, ஒருவர் நுழைந்தால் சிக்கல் வாசலில். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அதே கிழமை, அதே நேரத்தில் எண்ணுங்கள்.

முதல் கேள்வி கேட்டவன்தான். திரை மாற்றி, பொம்மையை முன்னால் நகர்த்தினேன். காலையில் திரும்பிப் பார்க்கிறார்கள். ஆனால் மஞ்சள் சட்டையின் தோள் வெளுத்துவிட்டது.

மாலை வெயில் வேலையைக் காட்டிவிட்டது, அதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். கண்ணாடி புறஊதாவை முழுதும் தடுக்காது, சாதாரண ஒளியும் சாயத்தை வெளுக்கும். துணிக்கூரை போடும்வரை மாலையில் மட்டும் கண்ணாடிக்கும் பொம்மைக்கும் நடுவே ஒரு திரையை இறக்குங்கள், இருட்டியதும் ஏற்றுங்கள். முன்வரிசை உடையை வாரம் ஒருமுறை மாற்றுங்கள். பொம்மைக்குப் போட்டதை அப்படியே மடித்து விற்பனைக்கு வைக்காமல் தோள், மடிப்பு, காலர் மூன்றையும் பகல் வெளிச்சத்தில் புதுத் துணியோடு ஒட்டிப் பாருங்கள்.