அடிக்கடி வேலை மாறியதற்கு என்ன பதில் எழுதுவது?

“ஐந்து ஆண்டுகளில் நான்கு நிறுவனங்கள். முதல் வேலையைச் சம்பளத்துக்காக விட்டேன். இரண்டாவதில் பிரிவையே மூடிவிட்டார்கள். கடைசி இரண்டும் ஒப்பந்த வேலை, அலுவலகம் ஒன்றுதான், சம்பளச் சீட்டில் பெயர் மட்டும் மாறியது. ‘நிலைத்து இருப்பீர்களா?’ என்று ஆள்சேர்ப்பு அலுவலர் மின்னஞ்சலில் கேட்கிறார். என்ன எழுதுவது?”

உங்கள் பதிலை அந்த அலுவலர் தம்மோடு வைத்துக்கொள்ளப் போவதில்லை; ஆள் தேவைப்படும் மேலாளருக்கு அனுப்புவார். ஆகவே, அவர் வெட்டி ஒட்டுவதற்கு ஏற்ற நான்கைந்து வாக்கியங்களே போதும். அதற்கு மேல் நீளும் விளக்கம் தற்காப்பாகத் தோன்றும்.

உங்கள் கடிதத்தின் முதுகெலும்பு அந்த ஒப்பந்த வேலைதான். ஒரே இருக்கையில் அமர்ந்து ஒரே பணியைச் செய்தவரையும், ஆள் வழங்கும் நிறுவனம் மாறிய ஒரே காரணத்துக்காக, இரண்டு முறை தாவியவராகவே விண்ணப்பப் படிவங்கள் கணக்கிடுகின்றன. ஆட்களை ஒப்பந்தத்தில் வைத்துச் சுழற்றும் நிறுவனங்களே பிறகு நிலைத்தன்மையைப் பற்றிக் கேட்பது எனக்கு இன்னும் விளங்காத நியாயம். தன்விவரக் குறிப்பில் பணியாற்றிய அலுவலகத்தை ஒரே தலைப்பாக இட்டு, அதன் கீழ் சம்பளம் கொடுத்த இரு நிறுவனங்களையும் அவற்றின் தேதிகளோடு எழுதுங்கள். அவற்றை மறைத்தால் சரிபார்ப்பின்போது அந்த அலுவலகம் ‘இவர் எங்கள் ஊழியர் அல்லர்’ என்று சொல்லக்கூடும். நீங்கள் பொய் சொன்னதாக ஆகிவிடும்.

கால அளவுகளை உங்களுடையதாக மாற்றிக்கொண்டு இப்படி எழுதலாம்:

“முதல் பணியை 18 மாதங்களுக்குப் பின் கூடுதல் ஊதியத்துக்காக நானே விட்டேன். இரண்டாவதில், 10 மாதங்களில் எனது பிரிவு மூடப்பட்டது. அடுத்த 26 மாதங்களும் ஒரே அலுவலகத்தில் ஒரே பணியைச் செய்தேன்; ஒப்பந்த நிறுவனம் மட்டுமே மாறியது. இப்போது நிரந்தரப் பணியையே தேடுகிறேன். தங்கள் அறிவிப்பில் உள்ள பணி நான் இந்த 26 மாதங்களாகச் செய்துவருவதே.”

முதல் வாக்கியத்தை நீக்கத் தோன்றும், நீக்காதீர்கள். ஒரு மாற்றத்தையாவது தன் முடிவு என்று ஒப்புக்கொள்பவரின் மற்றக் காரணங்களைத்தான் நம்புவார்கள். பழைய மேலாளரைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். ‘ஐந்து ஆண்டுகள் இருப்பேன்’ என்ற உறுதிமொழியும் வேண்டாம். அதை யாரும் நம்புவதில்லை.

பணம் வாங்கிக்கொண்டு தன்விவரக் குறிப்பைச் ‘சரிசெய்து’ தரும் இடைத்தரகர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள். பத்து மாதத்தைப் பதினாறாக நீட்டுவதும், குறுகிய வேலையை அடியோடு அழிப்பதும், இல்லாத நிறுவனத்தின் அனுபவச் சான்றிதழைக் கொண்டுவந்து தருவதுமே அவர்களில் பலருடைய தொழில். பணிவிடுப்புக் கடிதத்தில் உள்ள தேதியும் நீங்கள் எழுதியதும் ஒத்துப்போகவில்லையென்றால், வேலையில் சேர்ந்த பிறகும் உங்களை வெளியேற்ற முடியும். வாங்கிய பணத்தைத் தரகர் திருப்பித் தரமாட்டார். பதிலை அனுப்புமுன் நான்கு கடிதங்களையும் எதிரில் விரித்து வைத்து, ஒவ்வொரு மாதத்தையும் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.