கட்டிங் டேபிளில் தெரிகிற நட்டம் கட்டிங் மாஸ்டருடையதா?

கேள்வி: எங்கள் நைட்டி யூனிட்டில் ஸ்டாண்டர்டு காஸ்டிங் போடுகிறோம். துணி விலை வேரியன்ஸ் சாதகமாகவும், உபயோக வேரியன்ஸ் பாதகமாகவும் வருகிறது. கட்டிங் மாஸ்டரிடம் விளக்கம் கேட்கச் சொல்கிறார் முதலாளி. அது சரிதானா?

மாஸ்டரைக் கேட்பதற்கு முன்னால் துணியின் அகலத்தை அளந்து பாருங்கள். உங்கள் யூனிட்டிலும் அந்த மாதம் யாரோ விலை குறைவாகத் துணி பிடித்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு நைட்டி யூனிட்டில் நான் கணக்குப் பார்த்தபோது இதே சண்டை வந்தது. அந்த ஆர்டரின் கணக்கையே சொல்கிறேன்; எளிதாகப் புரிய எண்களை மட்டும் முழுசாக்கியிருக்கிறேன்.

ஒரு நைட்டிக்கு 44 அங்குல அகலத் துணியில் 2.75 மீட்டர், மீட்டர் 80 ரூபாய். இது ஸ்டாண்டர்டு. ஆர்டர் 1,000 நைட்டி, ஆக 2,750 மீட்டர் போதும். ஈரோட்டிலிருந்து 3,000 மீட்டர் வாங்கினார்கள், லாரி வாடகை சேர்த்து மீட்டர் 76 ரூபாய்க்கு. செலவானது 2,950 மீட்டர்.

விலை வேரியன்ஸ்: 4 × 3,000 = 12,000 ரூபாய் சாதகம். உபயோக வேரியன்ஸ்: 200 × 80 = 16,000 ரூபாய் பாதகம். கூடுதலாகப் போன துணியை 76-ஆல் பெருக்காமல் ஸ்டாண்டர்டு விலையான 80-ஆல் பெருக்குவதற்குக் காரணம் உண்டு. வாங்கியவர் செய்த நல்லதோ கெட்டதோ வெட்டுகிறவர் கணக்கில் ஏறக்கூடாது. ஆனால் இந்தச் சூத்திரம் விலையை மட்டும்தான் பிரிக்கும். துணியின் தரத்தை அது பார்ப்பதில்லை.

கொள்முதல் பார்த்தவருக்குப் பாராட்டு கிடைத்தது, மாஸ்டருக்கு ஏச்சு. மாஸ்டர் ஒரே ஒரு பேச்சுதான் பேசினார்: "அண்ணாச்சி, ரோலை விரிச்சு அளந்துட்டு என்னைக் கேளுங்க." அளந்தோம். ரோலின் முனை, நடு, கடைசி என்று மூன்று இடத்தில் டேப் வைத்தோம். இரண்டு ஓரத்துக் கரையையும் விட்டுவிட்டு, வெட்டத் தேறுகிற அகலத்தைத்தான் பார்க்க வேண்டும். 42 அங்குலம்தான் இருந்தது. பில்லில் 44 என்று போட்டிருந்தது.

அதே பேட்டர்னின் பாகங்களை 42 அங்குல அகலத்துக்குள் அடுக்கி மறுபடி மார்க்கர் போடச் சொன்னேன். ஒரு நைட்டிக்கு 2.92 மீட்டர் வந்தது. குறைந்தது இரண்டு அங்குலம்தானே, விகிதப்படி 2.88 போதுமே என்று நினைப்பீர்கள். முன்பு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்த பாகங்கள் இப்போது அகலத்துக்குள் அடங்காமல் கீழே இறங்கிவிடுகின்றன. அதனால் விகிதக் கணக்கை நம்பாமல் மார்க்கரைப் போட்டே பார்க்க வேண்டும்.

ஆக இந்தத் துணியில் யார் வெட்டினாலும் 2,920 மீட்டர் ஆகும். கூடுதலான 200 மீட்டரில் 170 மீட்டர், அதாவது 13,600 ரூபாய், அகலக் குறைவால் போனது. மீதி 30 மீட்டருக்கு 2,400 ரூபாய். டேமேஜுக்குப் பதில் வெட்டியது, ரோல் கடைசியில் நின்ற பிட்டு எல்லாம் அதற்குள் வரும். மாஸ்டரிடம் கேட்க வேண்டியது இவ்வளவுதான். கொள்முதலில் மிச்சம் என்று சொன்ன 12,000 ரூபாயை 13,600 ரூபாய் விழுங்கிவிட்டது.

'எந்த வேரியன்ஸுக்கும் ஒரு துறைதானே பொறுப்பு, நீங்கள் குழப்புகிறீர்கள்' என்று சிலர் வரலாம். சூத்திரத்தை நான் மாற்றவில்லை. உபயோக வேரியன்ஸ் 16,000-தான், ரிப்போர்ட்டிலும் அப்படியேதான் போட்டேன். அதற்குக் கீழே காரணத்தை இரண்டாகப் பிரித்து எழுதினேன், அவ்வளவுதான். மாஸ்டர் எப்போதும் யோக்கியர் என்றும் நான் சொல்லவில்லை. 42 அங்குல மார்க்கர் போட்ட பிறகும் 150 மீட்டர் கூடுதலாகப் போயிருந்தால் நானே முதலில் கேட்டிருப்பேன்.

சொல்லாமல் இருக்க முடியவில்லை: பாளையங்கோட்டையில் நான் பி.காம். படித்தபோது இந்தப் பாடத்தில் 'ஏ' என்ற பொருள், 'பி' என்ற பொருள் என்றே கணக்குப் போட்டோம். ஒரு முழத் துணியைக்கூட யாரும் காட்டியதில்லை. அப்படிப் படித்துவிட்டு வருகிறவர்கள் எக்செல் ஷீட்டைப் பார்த்து மாஸ்டரைக் குற்றவாளி ஆக்குகிறார்கள். இந்தப் பக்கத்தில் வெட்டத் தெரிந்த ஆள் கிடைப்பதே கஷ்டம். ஒரு வார்த்தை அதிகமாகப் பேசினால் திருப்பூருக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். எங்கள் மாஸ்டரும் அடுத்த தீபாவளிக்குள் போய்விட்டார்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். துணி இறங்கும் அன்றே ரோல் எண்ணுக்கு எதிரே அகலத்தை எழுத ஒரு நோட்டுப் போடுங்கள். பில்லில் உள்ளதைவிடக் குறைந்தால் அப்போதே சப்ளையருக்கு டெபிட் நோட் அனுப்பலாம், அல்லது துணியைத் திருப்பலாம். லே விரித்துக் கத்தி வைத்த பிறகு எந்த சப்ளையரும் துணியைத் திரும்ப எடுக்க மாட்டார்.