விளையாட்டாகப் போட்ட மெசேஜ் வினையானால்

கேள்வி: அலுவலக வாட்ஸ்அப் குழுவில் சக ஊழியர் ஒருவர் இரண்டு நாள் தாமதமாக அறிக்கை அனுப்பினார். "ஆஹா, இவ்வளவு சீக்கிரமாவா!" என்று விளையாட்டாகப் போட்டேன். "சரி" என்று மட்டும் பதில் வந்தது. மெசேஜை அழித்துவிட்டு, "சும்மா ஜோக்குங்க, சீரியஸா எடுத்துக்காதீங்க" என்றேன். அன்றிலிருந்து அவர் என்னிடம் பேசுவதில்லை. என்ன செய்வது?

பதில்: நீங்கள் தட்டச்சு செய்தபோது உங்கள் குரலும் சிரிப்பும் உங்கள் காதில் ஒலித்திருக்கும். அவருக்குப் போய்ச் சேர்ந்தது எழுத்து மட்டும்தான். ஜஸ்டின் குரூகர், நிக்கோலஸ் எப்லி முதலிய உளவியலாளர்கள் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், மின்னஞ்சலில் எழுதியதை எதிராளி கிண்டலா நிஜமா என்று 78 சதவீதம் சரியாகக் கண்டுபிடிப்பார் என எழுதியவர்கள் நம்பினார்கள். கண்டுபிடித்ததோ 56 சதவீதம். இரண்டில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் சொன்னாலே 50 கிடைத்துவிடும். குரலில் சொன்னபோது 73 வரை போனது.

ஆனால் உங்கள் விஷயத்தில், அது கிண்டல் என்று அவருக்குப் புரிந்திருக்கிறது. அதற்குள் இருந்த குறையும் புரிந்திருக்கிறது: "லேட் பண்ணிட்டீங்க." அதுவும் எல்லோர் முன்னாலும். உங்களோடு சேர்ந்து சிரிக்கும் அளவுக்கு நெருக்கம் இருந்தால் மட்டுமே அது விளையாட்டு. இல்லாவிட்டால் குத்தல்தான். நீங்கள் அழித்த பிறகும், அழிக்கப்பட்டது என்ற குறிப்பு அங்கேயே நிற்கிறது, படித்தவர்கள் மறக்கவில்லை. "சீரியஸா எடுத்துக்காதீங்க" என்பது இன்னும் மோசம். தவறு அவர் புரிந்துகொண்ட விதத்தில்தான் என்று ஆகிவிடுகிறது.

அதனால் இனி ஜோக்கை விளக்காதீர்கள். இன்றே நேரில் பேசுங்கள், முடியாவிட்டால் போன் செய்யுங்கள். எழுத்தில் கெட்டதை எழுத்திலேயே சரிசெய்யப் போனால், அதையும் அவர் சந்தேகத்தோடுதான் படிப்பார். இப்படிச் சொல்லலாம்: "அன்னைக்கு குரூப்ல 'இவ்வளவு சீக்கிரமாவா'ன்னு போட்டது தப்பு. அறிக்கை லேட்டானதுல எனக்குக் கொஞ்சம் எரிச்சல் இருந்தது. உங்ககிட்ட தனியா கேட்டிருக்கணும், எல்லார் முன்னாலயும் கிண்டல் பண்ணிட்டேன். மன்னிச்சுக்குங்க." எரிச்சல் இருந்ததை மறைக்காதீர்கள். மனதில் ஒன்றுமே இல்லை என்றால் அவர் நம்பமாட்டார், மன்னிப்பும் பொய்யாகத் தெரியும். "உங்க மனசு புண்பட்டிருந்தா" என்ற 'இருந்தா'வும் வேண்டாம். புண்பட்டது என்பதில் சந்தேகமே இல்லையே.

தாமதம் ஏன் என்று அவர் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள். அதைப் பற்றிய உங்கள் குறையை அன்று எடுக்காதீர்கள். அப்புறம் குழுவில் ஒரே வரி போதும்: "அறிக்கை பற்றி நான் போட்டது சரியில்லை, அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்." போடலாமா என்று முதலில் அவரிடமே கேளுங்கள். அந்தப் பேச்சு மறுபடி கிளறப்படுவதைச் சிலர் விரும்பமாட்டார்கள்.

ஒருமுறை மனதாரக் கேட்டபின் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டாம்; "பரவாயில்லை" என்று சொல்லியே தீரவேண்டிய சுமை அவர் தலையில் விழும். சில வாரங்கள் அவருக்கு நேரடியாக, வேலை விஷயத்தை மட்டும் எழுதுங்கள். கிண்டலை அவரே முதலில் தொடங்கட்டும்.