கவுன்ட்டவுனால் வகுக்காதீர்கள்

அன்புள்ள ஐயா,

என் மகன் பிளஸ் டூ, கணிதம்–கணினி அறிவியல் பிரிவு. பொறியியல்தான் குறி. அவனுக்காக கூகுள் ஷீட்டில் ஒரு படிப்புத் திட்டம் போட்டேன். அரையாண்டில் எழுத்துத் தேர்வில் எடுத்தது: தமிழ் 74/90, ஆங்கிலம் 66/90, கணிதம் 61/90, கணினி 60/70, இயற்பியல் 38/70, வேதியியல் 49/70. தமிழ்த் தேர்வுக்கு இன்னும் 42 நாள். ஆங்கிலத்துக்கு 45, கணிதத்துக்கு 50, கணினிக்கு 53, இயற்பியலுக்கு 60, வேதியியலுக்கு 64. இழந்த சதவீதத்தை மீதி நாளால் வகுத்து, வாரம் 24 மணி நேரத்தை அந்த விகிதத்தில் பிரித்தேன். இயற்பியலுக்கு 5.8 மணி, கணிதத்துக்கு 4.9, ஆங்கிலத்துக்கு 4.5 என்று வருகிறது. "இதை வச்சு நான் படிக்க மாட்டேன்" என்கிறான். கணிதத்தில் மூன்று ஃபைவ் மார்க்கைத் தொடவே இல்லை, நேரம் போதவில்லையாம். ஷீட்டில் தப்பா, பையனிடம் தப்பா?

— ஒரு தாய், பெரம்பூர்

அன்புள்ள அம்மா,

தப்பு ஷீட்டில்தான். ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரம் என்று ஒரு பொறியியல் மாணவனிடம் கொடுத்தால் அவன் முறைக்கத்தான் செய்வான்.

முதலில் வெயிட்டேஜ். உங்கள் ஷீட் எல்லாப் பாடத்தையும் சமமாக எடுத்துக்கொள்கிறது. 600க்கு எவ்வளவு என்று பார்ப்பவருக்கு அது சரி. ஆனால் பொறியியல் கலந்தாய்வின் கட்ஆஃப் 200க்கு. அதில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கணிதத்தில் ஒரு மார்க் கூடினால் கட்ஆஃப் ஒன்று கூடும், இயற்பியலில் ஒரு மார்க் கூடினால் அரைதான் கூடும். மொழிப்பாடமும் கணினியும் அந்தக் கணக்குக்குள்ளேயே வருவதில்லை. அதனால் சதவீதத்தை விட்டுவிட்டு, இழந்த மார்க்கை கட்ஆஃப் மதிப்பில் எழுதுங்கள். கணிதத்தில் 29 போயிருக்கிறது, அது 29தான். இயற்பியலில் போன 32, கட்ஆஃபில் 16. வேதியியலில் போன 21, பத்தரை. மூன்றும் சேர்ந்து ஐம்பத்தைந்தரை.

மற்ற மூன்று பாடங்களுக்கும் இந்த விகிதம் தேவையில்லை, கைவிட்டுப் போகாத அளவுக்கு ஒரு நிலையான நேரம் போதும். ஆங்கிலம் 2 மணி, தமிழ் ஒன்றரை, கணினி ஒன்றரை. மொத்தம் 5. மீதி 19 மணியை 29, 16, 10.5 என்ற விகிதத்தில் பிரித்தால் கணிதத்துக்கு 10, இயற்பியலுக்கு ஐந்தரை, வேதியியலுக்கு மூன்றரை என்று வரும். அடுத்து இதிலும் ஒரு சின்ன மாற்றம் இருக்கிறது.

அது கவுன்ட்டவுன் விஷயம். மீதி நாளால் வகுப்பது பார்க்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் தமிழ்த் தேர்வுக்கு ஒரு வாரம் முன்னால் என்ன ஆகும் என்று போட்டுப் பாருங்கள். தமிழில் இழந்தது 18 சதவீதம், மீதி 7 நாளால் வகுக்க 2.6. கணிதத்தில் 32 சதவீதம், மீதி 15 நாளால் வகுக்க 2.1. அதாவது நன்றாக வரும் தமிழ், கணிதத்தைத் தாண்டிவிடும். நாள் குறையக் குறைய இது இன்னும் மோசமாகும். முதல் தேர்வு எதுவோ அது எல்லாவற்றையும் விழுங்கும்.

உங்கள் பட்டியலில் உண்மையில் உதவுகிற எண் வேறு. இரண்டு தேர்வுகளுக்கு நடுவே முழுதாகக் கிடைக்கும் நாட்கள். ஆங்கிலத்துக்கு முன் 2, கணிதத்துக்கு முன் 4, கணினிக்கு முன் 2, இயற்பியலுக்கு முன் 6, வேதியியலுக்கு முன் 3. இவை அந்தந்தப் பாடத்துக்கே சொந்தமான நாட்கள், வேறு எதுவும் பங்கு கேட்காது. பள்ளி இல்லாத நாளில் 7 மணி என்று வைத்தால், இயற்பியலுக்குக் கடைசியில் 42 மணி தானாகவே காத்திருக்கிறது. இப்போதிருந்து ஆறு வாரம் ஐந்தரை மணி படித்தாலே 33தான் ஆகும். வேதியியலுக்குக் காத்திருப்பது 21 மணி, அதுவும் ஐந்து தேர்வு எழுதிக் களைத்த பிறகு. ஆகவே இயற்பியலில் இருந்து ஒன்றரை மணியை எடுத்து வேதியியலுக்குக் கொடுங்கள். இயற்பியல் 4, வேதியியல் 5. இயற்பியலை அதற்குக் கீழே இறக்க வேண்டாம். டெரிவேஷன்களை அந்த ஆறு நாளில் எழுதிப் பார்த்து உறுதி செய்யலாம், ஆனால் முதல் தடவையாகப் புரிந்துகொள்ள அது நேரமில்லை.

ஷீட்டில் தேர்வுத் தேதிகள் B2 முதல் வரிசையாக இருக்கிறதென்றால் இரண்டு சூத்திரம் போதும்:

```
=MAX(0, B2-TODAY())
=B3-B2-1
```

முதலாவது மீதி நாள். தேர்வு முடிந்த பிறகு மைனஸில் போகாமல் பூஜ்யத்திலேயே நிற்கும். இரண்டாவது சொந்த நாள், அதை இரண்டாவது தேர்வின் வரியில் இருந்து தொடங்குங்கள். விடை ஏதோ பழைய தேதியாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அந்தக் கட்டத்தின் ஃபார்மேட் தேதியில் இருக்கிறது, எண்ணாக மாற்றிவிடுங்கள். மீதி நாள் பார்ப்பதற்கு மட்டும், எதையும் அதனால் வகுக்காதீர்கள். தமிழுக்கு முந்தைய இரண்டு நாளைத் தமிழுக்கே ஒதுக்கிக் கோடு போட்டால் போதும்.

இனி அந்த மூன்று ஃபைவ் மார்க். 10 மணியை எப்படிச் செலவு செய்வது என்பது இதில்தான் இருக்கிறது. கணிதத் தாளில் ஏழு ஃபைவ் மார்க், ஒவ்வொன்றிலும் 'அல்லது' உண்டு, ஆனால் ஏழையும் எழுதியாக வேண்டும். மூன்றை விட்டால் போன 29இல் பாதிக்கு மேல் அங்கேயே போய்விட்டது. நேரம் போதவில்லை என்று பையன்கள் சொல்வது பாதி சமயம் உண்மை, பாதி சமயம் கணக்கு தெரியவில்லை என்பதற்கு மரியாதையான பதில். கண்டுபிடிப்பது எளிது. அதே மூன்று வினாவைக் கடிகாரம் இல்லாமல், புத்தகத்தை மூடிவைத்துப் போடச் சொல்லுங்கள்.

போட்டுவிட்டான் என்றால் அது வீக் ஏரியா இல்லை, வேகம்தான் பிரச்சினை. அந்தப் பாடத்தைத் திரும்பப் படிப்பதால் ஒன்றும் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை காலை 10.15 முதல் 1.15 வரை, தேர்வு நேரத்திலேயே ஒரு முழுத் தாள் எழுதட்டும். மாலையில் ஒன்றரை மணி நேரம் அதைத் திருத்திப் பார்க்கட்டும். வாரத்தில் நாலரை மணி அதற்குப் போகும், மீதி ஐந்தரைதான் பாடத்துக்கு. ஒன் மார்க் இருபதையும் எத்தனை நிமிடத்தில் முடிக்கிறான் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டால் நேரம் எங்கே போகிறது என்று தெரியும். பெரும்பாலும் அங்கேதான் போகும், ஒவ்வொன்றையும் முழுக் கணக்காகப் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

போட முடியவில்லை என்றால் எந்தப் பாடம் என்று பாருங்கள். மூன்றில் இரண்டு ஒரே பாடத்தில், உதாரணமாக வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகளில் விழுந்திருந்தால், முதல் இரண்டு வாரமும் அந்த 10இல் 6 மணி அதற்கே. புத்தகத்தின் எடுத்துக்காட்டுக் கணக்குகளை முதலில் முடித்துவிட்டுப் பயிற்சிக்குப் போகட்டும். அதுவரை ஞாயிறு முழுத் தாள் வேண்டாம், தெரியாத பாடத்தோடு தாள் எழுதினால் அதே 61தான் வரும், மனம்தான் கெடும்.

இன்னொன்று, செய்முறைத் தேர்வு வாரத்தில் 24 மணி கிடைக்காது. அந்த வாரத்தை 16 என்று எழுதி எல்லாவற்றையும் மூன்றில் இரண்டாகக் குறைத்துவிடுங்கள். இழந்த மார்க் என்ற பத்தியை ஒவ்வொரு திருப்புதல் தேர்வின் விடைத்தாளும் கைக்கு வந்த பிறகு மட்டும் மாற்றுங்கள், நடுவில் தொடாதீர்கள். மாற்றும்போது எண்களை அவனே டைப் செய்யட்டும்.